சொத்து வரிப் பதிவில் உரிமையாளர் பெயரும் கட்டடப் பரப்பும் தவறாக இருந்தால்: நகராட்சிக்கு மனு எழுதும் முறை

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் இருக்கிறது எங்கள் வீடு. 3 சென்ட் மனையை அப்பா 2006-ல் வாங்கி, அனுமதி பெற்றுத் தரைத்தளம் மட்டும் கட்டினார். 2019-ல் எனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். 2022-ல் காலமானார். வரி ரசீதில் இன்னும் அப்பா பெயர்தான், அதுவும் சுந்தரராஜன் என்பது சுந்தரம் என்று இருக்கிறது. கட்டடப் பரப்பு 1,307 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். அனுமதி வரைபடத்தில் 780. நான் டேப் வைத்து அறை அறையாக அளந்தால் 660தான் வருகிறது. நேரில் போய்க் கேட்டதற்கு, வாரிசுச் சான்றும் அண்ணனின் கையெழுத்தும் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டையும் திருத்த மனு எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்: மனு எழுத உட்காரும் முன் உங்கள் பத்திரத்தில் சொத்து விவரப் பகுதியைப் பாருங்கள். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்றால் பெருக்கினால் 1,306.8. ரசீதில் இருக்கும் 1,307 அதுதான். உங்கள் மனையின் பரப்பைக் கட்டடப் பரப்புக்கான இடத்தில் யாரோ பதிந்திருக்கிறார்கள். கையெழுத்துப் பதிவேட்டில் இருந்ததைக் கணினியில் ஏற்றியபோது நடந்திருக்கலாம், வரி சீராய்வின்போது வீட்டுக்கு வந்த படிவத்தை நிரப்பியவர் கட்டம் மாற்றி எழுதியிருக்கலாம். எப்படி நடந்திருந்தாலும், இந்தப் பெருக்கல் கணக்கை மனுவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். "பரப்பு அதிகமாக இருக்கிறது, குறைக்கவும்" என்ற மனுக்கள் அலுவலகத்துக்கு நிறைய வரும், அவற்றை வரியைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கையாகத்தான் பார்ப்பார்கள். "மனைப் பரப்பு கட்டடப் பரப்பாகப் பதிவாகியிருக்கிறது" என்று எழுதினால் அது பதிவுப் பிழை. கோப்பைப் பார்ப்பவருக்கு மறுப்பதற்கு இடம் குறைவு.

அடுத்து, எந்த எண்ணைக் கேட்பது என்ற கேள்வி. 660-ஐக் கேட்காதீர்கள். வரிக்கு எடுத்துக்கொள்வது சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரையிலான பரப்பு, நீங்கள் அளந்தது அறைகளுக்குள் நடக்கும் இடம். 780 என்பது 26 அடிக்கு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 24½ அடிக்கு 28½ அடி, அதாவது 698 சதுர அடி. வெளிச்சுவர் மட்டுமே 82 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் இன்னும் ஒரு 38 எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது உங்கள் 660. ஆக வரைபடமும் சரி, உங்கள் டேப்பும் சரி. 660 என்று எழுதிக் கொடுத்து, அளக்க வருபவர் 780 என்று அளந்துவிட்டால், மனுதாரர் சொன்னது தவறு என்ற குறிப்போடு கோப்பு திரும்பும். அதன் பிறகு 1,307-ஐப் பற்றி நீங்கள் சொல்லும் நியாயமும் எடுபடாது.

வெளியிலிருந்து ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள். பக்கத்து வீடு ஒட்டியிருந்து டேப் வைக்க முடியாத பக்கத்தில், உள் அளவோடு சுவர்த் தடிமனைக் கூட்டிக்கொள்ளலாம். அது இரு வீட்டுக்கும் பொதுச்சுவர் என்றால் படத்தில் பொதுச்சுவர் என்றே எழுதுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் வெளிக்கோட்டை வரைந்து, நான்கு பக்க அளவையும் தெருப் பக்கத்தையும் குறித்தால் போதும், பொறியாளர் தேவையில்லை. அனுமதிக்குப் பிறகு ஏதாவது கட்டியிருந்தால், மொட்டை மாடியில் ஓர் அறையோ முன்னால் தகரக் கொட்டகையோ பின்னால் கழிவறையோ எதுவானாலும், அதன் அளவைத் தனியாகக் காட்டிவிடுங்கள். கள ஆய்வுக்கு வருபவர் எப்படியும் அதைப் பார்ப்பார். நீங்களே சொல்லியிருந்தால் அது ஒரு கூடுதல் அளவு. சொல்லாமல் விட்டால் மறைத்ததாக ஆகும்.

இந்தப் பிழை எவ்வளவு செலவு வைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் இதில் பாதியைத்தான் கவனிக்கிறார்கள். 1.4.2022 முதல் நடப்புக்கு வந்த சீராய்வில், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் குடியிருப்புகளுக்கு வரி உயர்வைக் கட்டடப் பரப்பை வைத்துத்தான் பிரித்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு 780 என்பதால் 50 சதவீத வரிசையில் வர வேண்டியது. 1,307 என்று இருந்ததால் 75-க்குப் போய்விட்டது. கணக்குக்காகப் பழைய அரையாண்டு வரி சதுர அடிக்கு 80 காசு என்று வைத்துக்கொண்டால், 780-க்கு 624 ரூபாய், உயர்வோடு 936. அதுவே 1,307-க்கு 1,046 ரூபாய், உயர்வோடு 1,830. பரப்பு ஒன்றே முக்கால் மடங்குகூடக் கூடவில்லை, வரியோ ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதன் பிறகு வந்த உயர்வுகளும் இந்தத் தொகையின் மேல்தான் ஏறியிருக்கும். அதனால் மனுவில் பரப்பைத் திருத்தச் சொல்வதோடு நிற்காமல், திருத்திய பரப்புக்கு உரிய உயர்வு விகிதத்தில் வரியை மறுகணக்கீடு செய்யவும் கேட்க வேண்டும். பரப்பை மட்டும் மாற்றி, உயர்வை 75-லேயே விட்டுவிடுவது நடக்கக்கூடியது.

இனி பெயர். உங்களிடம் வாரிசுச் சான்று கேட்டதற்குக் காரணம், நீங்கள் பேச்சை "அப்பா இறந்துவிட்டார்" என்று தொடங்கியதாக இருக்கக்கூடும். அதைக் கேட்டதும் கவுன்டரில் இருப்பவர் வாரிசு வழிப் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொள்வார். அந்த வழியில் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பது முறைதான். ஆனால் வீடு உங்களுக்கு வந்தது அப்பாவின் மறைவால் அல்ல, 2019-ல் அவர் உயிரோடு இருந்தபோதே பதிவான செட்டில்மெண்ட் பத்திரத்தால். அவர் இறந்த நாளில் இந்த வீடு அவருடையதாக இல்லை, எனவே வாரிசுகளுக்குப் பங்கு போக அதில் எதுவும் இல்லை. மனுவில் "தந்தை காலமானதால்" என்ற சொற்றொடரே வரக்கூடாது. "பதிவு செய்யப்பட்ட தானசெட்டில்மெண்ட் பத்திரத்தின்படி" என்று மட்டும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் பத்திரத்தில் சரிபார்த்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தவர் தனக்கோ மனைவிக்கோ ஆயுட்கால உரிமை வைத்துக்கொண்டிருக்கிறாரா? அப்பாவுக்கு மட்டும் இருந்திருந்தால் அது அவரோடு முடிந்தது, அதைக் காட்ட இறப்புச் சான்று இணைத்தால் போதும். அம்மாவுக்கும் இருந்து அவர் இருக்கிறார் என்றால் அந்த வரியை மறைக்காமல் மனுவில் சொல்லி, அம்மாவின் ஒப்புதல் கடிதத்தையும் வைத்துவிடுங்கள்.

சுந்தரம், சுந்தரராஜன் சிக்கலுக்கு, முதலில் அப்பா பெயரைத் திருத்தி, பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். அது தேவையில்லாத இரட்டை வேலை. அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ரசீதில் இருக்கும் சுந்தரமும் பத்திரம் எழுதிக் கொடுத்த சுந்தரராஜனும் ஒரே ஆள், ஒரே வீடு. இதை ஒரே தாளில் காட்டுவது வில்லங்கச் சான்று. 2006-க்கு முன்பிருந்து இன்றுவரையான காலத்துக்கு எடுத்தால், அப்பா வாங்கிய கிரயமும் உங்களுக்கு எழுதிய செட்டில்மெண்ட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அதே சர்வே எண்ணோடு வரும். tnreginet.gov.in தளத்தில் தேடிப் பார்க்கலாம், மனுவில் வைக்கச் சான்றிட்ட நகல் எடுங்கள். அதோடு அப்பா பெயரில் இருந்த கட்டட அனுமதியும் கதவு எண் உள்ள பழைய ரசீது ஒன்றும் சேர்ந்தால் சங்கிலி முழுமை. இதற்கு மேலும் கேட்டால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். முதலிலேயே அதை நீட்ட வேண்டாம்.

இங்கே அடிக்கடி இடறுவது கதவு எண். பத்திரத்தில் மனை எண்ணும் சர்வே எண்ணும் இருக்கும், ரசீதில் புதிய கதவு எண் இருக்கும், கட்டட அனுமதியில் இரண்டும் இருக்காது. மூன்று தாளும் மூன்று வீட்டைச் சொல்வதுபோல் தோன்றினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். பழைய கதவு எண், புதிய கதவு எண், வார்டு, சர்வே எண், வரிவிதிப்பு எண் ஐந்தையும் மனுவின் முதல் பத்தியிலேயே ஒன்றாகச் சொல்லிவிடுங்கள்.

பெயரையும் பரப்பையும் ஒரே மனுவில் கேட்கலாமா என்றால், கேட்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. பெயர் மாற்றம் மேசையிலேயே முடியும் வேலை. பரப்புக்கு வருவாய் உதவியாளர், நாம் பில் கலெக்டர் என்று சொல்பவர், வீட்டுக்கு வந்து அளந்து, வருவாய் ஆய்வாளர் வழியாக அறிக்கை மேலே போக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பெயர் மாற்றமும் அளவைக்காகக் காத்துக் கிடக்கும். இதைத் தவிர்க்க மனுவிலேயே ஒரு வரி வேண்டும், கீழே மாதிரியில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு நகராட்சியில் தனிப் படிவமும் கட்டணமும் உண்டு, அதையும் நிரப்பி இதோடு சேர்த்துக் கொடுங்கள். கட்டணத்தை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

மாதிரி மனு:

> அனுப்புநர்
> (உங்கள் பெயர், தந்தை பெயர், முழு முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்
> ஆணையர் அவர்கள்,
> … நகராட்சி.
>
> ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: சொத்து வரி – வரிவிதிப்பு எண் … – உரிமையாளர் பெயர் மாற்றம் மற்றும் கட்டடப் பரப்புப் பதிவுப் பிழைத் திருத்தம் கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: 1. கிரயப் பத்திர எண் …/2006, … சார்பதிவாளர் அலுவலகம்.
> 2. தானசெட்டில்மெண்ட் பத்திர எண் …/2019, அதே அலுவலகம்.
> 3. கட்டட அனுமதி எண் …, நாள் …
>
> வார்டு …, … தெரு, புதிய கதவு எண் …, பழைய கதவு எண் …, சர்வே எண் …-ல் உள்ள வீடு மேற்படி வரிவிதிப்பு எண்ணில் தங்கள் அலுவலகப் பதிவில் உள்ளது. இதற்கு … அரையாண்டு வரை வரி நிலுவையின்றிச் செலுத்தப்பட்டுள்ளது.
>
> 1. இச்சொத்து பார்வை 1-ல் கண்ட பத்திரப்படி திரு. … சுந்தரராஜன் அவர்களால் வாங்கப்பட்டு, பார்வை 2-ல் கண்ட பத்திரப்படி எனக்கு உரிமையாக்கப்பட்டது. வரிப் பதிவில் அவர் பெயர் "சுந்தரம்" எனத் தவறாக உள்ளது. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பது இணைத்துள்ள வில்லங்கச் சான்றால் தெரியவரும். எனவே உரிமையாளர் பெயரை, "…" எனத் தமிழிலும் "…" என ஆங்கிலத்திலும், பத்திரத்தில் உள்ளவாறே பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 2. பதிவில் கட்டடப் பரப்பு 1,307 சதுர அடி எனக் காண்கிறது. இது மனையின் பரப்பாகும் (3 சென்ட் × 435.6 = 1,306.8 சதுர அடி). பார்வை 3-ல் கண்ட அனுமதிப்படி தரைத்தளம் மட்டும் கட்டப்பட்டுள்ள கட்டடத்தின் பரப்பு 780 சதுர அடி (72.46 சதுர மீட்டர்). வேறு கட்டுமானம் எதுவும் இல்லை. முழுவதும் குடியிருப்பாகவே பயன்பாட்டில் உள்ளது. எனவே கள ஆய்வு செய்து, கட்டடப் பரப்பைத் திருத்தி, அப்பரப்புக்குரிய உயர்வு விகிதத்தில் வரியை மறுகணக்கீடு செய்து, பிழை ஏற்பட்ட அரையாண்டிலிருந்து கூடுதலாகச் செலுத்திய தொகையை வரும் அரையாண்டு வரிகளில் ஈடுசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> கோரிக்கை 1 ஆவணங்களின் அடிப்படையில் முடிக்கத்தக்கது என்பதால், கோரிக்கை 2-க்கான கள ஆய்வை எதிர்நோக்கி அதனை நிறுத்தி வைக்காமல் ஆணையிடவும் வேண்டுகிறேன்.
>
> இடம்:
> நாள்:
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: பார்வை 1, 2, 3-ன் நகல்கள், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது, பரப்பு காட்டும் பழைய ரசீது அல்லது அறிவிப்பு, அளவு வரைபடம், அடையாளச் சான்று, பெயர் மாற்றப் படிவமும் கட்டண ரசீதும்.

"வேறு கட்டுமானம் எதுவும் இல்லை" என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டகை இருந்தாலும் அதை அளவோடு எழுதி மாற்றிவிடுங்கள். பெயரை இரு மொழியிலும் எழுதச் சொன்னதற்குக் காரணம், தட்டச்சு செய்பவர் காதில் விழுந்தபடி எழுத்துக் கூட்டிவிடக்கூடாது என்பதுதான். தலைப்பெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னாளில் மின் இணைப்புப் பெயர் மாற்றத்திலும் வங்கியிலும் இந்த ரசீதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பிழை ஏற்பட்ட அரையாண்டு எது என்று தெரியவில்லையென்றால் பழைய ரசீதுகளையும் வரிவிதிப்பு அறிவிப்புகளையும் பின்னோக்கிப் புரட்டுங்கள். முன்பு 780 என்றிருந்து ஓர் அரையாண்டில் 1,307 ஆனதற்கு ஒரு தாள் கிடைத்தாலும் உங்கள் கை ஓங்கிவிடும். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், மனு கொடுத்த அரையாண்டிலிருந்து மட்டும் திருத்தம் தருவார்கள் என்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பணமாகத் திருப்பித் தரச் சொல்வதைவிட, வரும் வரிகளில் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்வது எளிது.

வரியை நிறுத்தி வைத்துவிட்டு மனு போடாதீர்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் நகராது. காலம் கடந்த வரிக்கு மாதம் 1 சதவீத வட்டியும் ஏறும். tnurbanepay.tn.gov.in தளத்தில் நிலுவையைப் பார்த்து, இப்போது கேட்கும் தொகையையே கட்டிவிட்டு, அந்த ரசீதோடு போங்கள். அசல் பத்திரங்களைக் காட்டுவதற்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள், அங்கே விட்டுவராதீர்கள்.

மனுவைப் பில் கலெக்டர் கையில் கொடுக்காமல் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் நாளும் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து அதற்கு இடப்பட்ட ந.க. எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். அளக்க வரும் நாளில் வீட்டில் இருங்கள். வெளிப்பக்கம் டேப் பிடிக்கும்போது கூட நின்று, அவர் எழுதும் நீளம் அகலத்தை உங்கள் வரைபடத்தில் அப்போதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் ஓரிரண்டு அங்குலம் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். அடிக்கணக்கில் வேறுபட்டால் அங்கேயே மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வாசலில் தீராத அளவு, அறிக்கை போன பிறகு தீராது.

முப்பது நாளில் அசைவு இல்லையென்றால், கோபமாக இரண்டாவது மனு எழுதுவதைவிடத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடுவது பலன் தரும். அதே நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு, இரண்டே விஷயம் கேளுங்கள்: உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கான வரிவிதிப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், உங்கள் ந.க. எண் மனுவின் மீது இதுவரை எடுத்த நடவடிக்கையின் குறிப்புக் கோப்பு நகல். பதில் தர 30 நாள் கெடு உண்டு. பதிவேட்டு நகல் வந்தால், 1,307 எப்போது யாரால் பதிவானது என்பது தெரிய வாய்ப்பு உண்டு, பிழை ஏற்பட்ட அரையாண்டும் அதிலேயே கிடைக்கலாம். அதோடு திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் முத்திரையிட்ட நகலை இணைத்துக் கொடுக்கலாம். வாரிசுச் சான்று இல்லாமல் முடியாது என்று மீண்டும் சொன்னால், அதைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதும்போது செட்டில்மெண்ட் பத்திரத்தை ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். மேலதிகாரியிடம் போக உங்களுக்கு வேண்டியதும் அந்தத் தாள்தான்.

வரி ரசீதில் பெயர் வந்துவிட்டால் பட்டாவும் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறையின் வேலை, அதற்குத் தனி விண்ணப்பம். உரிமையைத் தருவது பத்திரம்தான், வரி ரசீது அல்ல.

ஆணை கையில் வந்த பிறகு, தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு மூன்றைப் பாருங்கள்: பெயரின் எழுத்து, பரப்பு, அரையாண்டுத் தொகை. ஆணையில் 780 என்று இருந்தும் கணினியில் ஏற்றாமல் விடுவது உண்டு, பரப்பை ஏற்றிவிட்டுத் தொகையை மறுகணக்கீடு செய்யாமல் விடுவதும் உண்டு. குடிநீர் இணைப்புக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனி எண்கள் இருந்தால் அவற்றில் அப்பா பெயரே நிற்கும். இதே ஆணையின் நகலை வைத்து அவற்றையும் மாற்றக் கேளுங்கள்.